கையெழுத்து போடும் முன்: சரக்கு இறங்கும் வாசலில் நடக்கும் தவறுகள்

ஹோட்டலில் நஷ்டம் என்றால் முதலாளிகள் முதலில் கல்லாவைப் பார்ப்பார்கள், அப்புறம் சமையலறையில் வீணாவதைப் பார்ப்பார்கள். பின்வாசலை யாரும் பார்ப்பதில்லை. அங்கே காணாமல் போவது எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை என்பதால், ஸ்டோர் ரூமில் எத்தனை முறை இருப்பு எடுத்தாலும் அகப்படாது. பில்லில் இருக்கும், பணம் கொடுத்திருப்போம், சரக்கு மட்டும் இருக்காது. திருச்சியில் ஓர் அசைவ ஹோட்டலில் சில வருடங்கள் ஸ்டோர் பார்த்தவன் நான். அங்கே நானும் மற்றவர்களும் செய்த தவறுகள்தான் இவை.

முதல் தவறு, யார் கையெழுத்து போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. காலை ஐந்தரைக்குக் கோழி வண்டி வரும். ஸ்டோர்காரர் ஏழு மணிக்குத்தான் வருவார். மாஸ்டர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பார். "அண்ணே, ஒரு கையெழுத்து, இன்னும் நாலு கடை போகணும்" என்று வண்டிக்காரர் பில்லை நீட்டுவார். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு, ஈரக் கையோடு ஒரு கிறுக்கு கிறுக்குவார். அந்தக் கிறுக்கலுக்கு "60 கிலோ சரியாக வந்து சேர்ந்தது" என்று அர்த்தம். பிறகு எடை குறைகிறது என்று போன் செய்தால், "வாங்கும்போது பார்த்துத்தானே சார் கையெழுத்து போட்டாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். அதில் தப்பும் சொல்ல முடியாது. எனவே வண்டி வரும் நேரத்தில் சரக்கு வாங்க ஓர் ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் இருக்கும் நேரத்துக்கு வண்டியை வரச் சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுப்பவர், சரக்கு வாங்குபவர், பணம் கொடுப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருப்பது இன்னும் ஆபத்து. சின்னக் கடையில் அதைத் தவிர்க்க முடியாது என்றால், வாரத்தில் ஒரு நாள் முதலாளியே வந்து தராசு பக்கத்தில் நிற்கட்டும்.

எடையில்தான் பெரிய ஓட்டை. எங்கள் கோழிக் கணக்கையே சொல்கிறேன். தினமும் தோல் நீக்கிய பிராய்லர் 60 கிலோ, கிலோ 240 ரூபாய், பில் 14,400. மூன்று பிளாஸ்டிக் கிரேட்டில் வரும். அவற்றை அப்படியே தராசில் ஏற்றினால் 64.5 கிலோ காட்டும். "கிரேட் ஒண்ணு ஒன்றரை கிலோண்ணே, மூணுக்கு நாலரை. கழிச்சா கரெக்டா அறுபது" என்பார் வண்டிக்காரர். மாதக்கணக்கில் நானும் தலையாட்டினேன். ஒரு நாள் கறியைக் கொட்டிவிட்டு, காலி கிரேட்டுகளை அதே தராசில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 1.9 கிலோ, மூன்றும் சேர்ந்து 5.7. ஆக, கறி 58.8 கிலோதான். அதிலும் கொட்டிய பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. ஓட்டை போட்ட தட்டில் பத்து நிமிடம் வடியவிட்டு மறுபடி போட்டால் 57.4.

ஒரு நாளைக்கு 2.6 கிலோ குறைகிறது. ரூபாயில் 624, முப்பது நாளைக்கு 18,720. ஓர் உதவியாளரின் சம்பளத்தில் நல்ல பங்கு, கிரேட்டிலும் தண்ணீரிலும் போய்க்கொண்டிருந்தது.

இதில் எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். கோழியை உரித்ததும் தண்ணீரில் கழுவுகிறார்கள், வெயில் காலத்தில் ஐஸ் போடுகிறார்கள், கறி கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் எந்த நிலையில் எடை போடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். பத்து நிமிடம் வடித்த பிறகு, காலி கிரேட்டை நம் தராசில் போட்டுக் கழித்த பிறகு, என்று. ஐஸ் போட்டால் தனி கவரில் கட்டி மேலே வைக்கட்டும், எடைக்கு முன் எடுத்துவிடலாம். மீனுக்கும் இதேதான். வெங்காய மூட்டைக்கு ஈரச் சாக்கு, தக்காளிப் பெட்டிக்கு அடியில் வைக்கோலும் பேப்பரும் என்று வேஷம் மாறுமே தவிர, விஷயம் ஒன்றுதான்.

தராசையும் சந்தேகப்பட வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறையில் முத்திரை போட வேண்டும், அது சட்டம். ஆனால் முத்திரைக்கும் முத்திரைக்கும் இடையில் ஒரு வருடம் இருக்கிறது. முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் வண்டி வருவதற்கு முன் தராசில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். தட்டின் நடுவில் ஒரு முறை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை. எங்கள் தராசு ஒரு மூலையில் 200 கிராம் கூடுதலாகக் காட்டியது. தரை சமமில்லை, ஒரு கால் தூக்கி நின்றது. அவ்வளவுதான் காரணம். அப்புறம், நூறு கிலோ தராசில் ஏலக்காயை நிறுக்காதீர்கள். சின்ன எடைக்குச் சின்னத் தராசு வேண்டும்.

எண்ணிக்கையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு தட்டுள்ள முட்டைப் பெட்டியில் 210 இருக்கும், நடுத்தட்டு ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், உடைந்தவை அங்கேதான் இருக்கும். வாழை இலைக் கட்டை மட்டும் கட்டாயம் அவிழ்க்க வேண்டும். வெளியே சுற்றியிருப்பது பச்சைப் பசேல் என்று நுனி இலையாக இருக்கும். உள்ளே கிழிந்ததும் பழுத்ததும் இருக்கும். சாப்பாடு போட முடியாத இலை எண்ணிக்கையில் சேராது என்பதை இலைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வெப்பநிலையைப் பலரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் காட்டுவதற்கான சமாசாரம் என்று நினைக்கிறார்கள். அதுவும் பணம்தான். குளிர்ச்சியில் வரும் பால், கறி, மீன் எல்லாம் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், உறைய வைத்தவை மைனஸ் 18. வழக்கமான தவறு, துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு விடுவது. அது மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும். மேலே ஐஸ் தூவிய மீன் பெட்டியில் அது 2 டிகிரி காட்டியது. ஊசித் தெர்மாமீட்டரைப் பெட்டியின் நடுவில் இருந்த மீனின் தடித்த பகுதியில் குத்தியதும் 13 என்றது. காலையில் அந்த மீன் நன்றாகத்தான் இருக்கும், இரவு குழம்புக்கு எடுக்கும்போது நாறும். அப்போது அது நம் கணக்கில் வீண், மீன்காரர் கணக்கில் இல்லை. ஊசித் தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் ஊசியை வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு பொருளில் குத்தியதைத் துடைத்துவிட்டு அடுத்ததில் குத்துங்கள்.

உறைந்த பாக்கெட்டைக் குத்த வேண்டாம். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் ஊசியைச் செருகி அழுத்திப் பிடித்தால் போதும். அதைவிடக் காதும் கையும் நன்றாகச் சொல்லும். உறைந்த பட்டாணியையோ தனித்தனியாக உறைய வைத்த இறாலையோ குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பாக்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் திரண்டிருந்தாலும் அதே கதைதான்.

இறாலில் இன்னொரு சூட்சுமம் உண்டு. காய்ந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு இறாலின் மேலும் மெல்லிய ஐஸ் பூச்சு கொடுப்பார்கள். அது தேவையானதுதான். ஆனால் பூச்சு தடித்துப்போனால் இறால் விலைக்கு ஐஸ் வாங்குகிறோம். புது லாட் வரும்போது ஒரு பாக்கெட்டைப் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் காட்டி மேல் ஐஸ் போனதும் வெளியே எடுத்து, சல்லடையில் இரண்டு நிமிடம் வடித்து நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ என்று வாங்கியது 800 கிராம் நிற்குமானால், கிலோ 500 ரூபாய் இறாலின் நிஜ விலை 625.

பில்லில் கூட்டலைச் சரிபார்ப்பவர்கள் அளவுக் குறியைப் படிப்பதில்லை. எண்ணெய் டின்னில் 15 கிலோவும் உண்டு, 15 லிட்டரும் உண்டு. பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஆனால் சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான், ஆகவே 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோ. கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் டின்னுக்கு 175 ரூபாய் வித்தியாசம். லேபிளில் பொய் இல்லை. "பதினஞ்சு டின் பத்து அனுப்புங்க" என்று ஆர்டர் சொன்ன நம் வாயில்தான் தப்பு. அரிசியிலும் இப்படி ஒரு குழப்பம் வந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும், பலர் 26 கிலோ மூட்டைக்கு மாறினார்கள். பில்லில் 26 கிலோ விலை, இறங்கியதில் பாதி பழைய 25 கிலோ மூட்டை என்று எங்களுக்கே ஒரு முறை நடந்தது. மூட்டையை எண்ணியவர் எண்ணியது சரி, சாக்கில் அச்சடித்திருந்ததை அவர் படிக்கவில்லை.

கடைசியாகக் கையெழுத்து. குறையைக் கண்டுபிடித்த பிறகும் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். "நாளைக்குச் சேர்த்துப் போட்டுடறேண்ணே" என்று வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்து போட்டால், நாளைக்கு வேறு டிரைவர் வருவார். நம் பிரதியில் மட்டும் குறித்து வைத்தாலும் பயனில்லை, அவர்கள் கணக்கில் முழு அளவுதான் ஏறும். இரண்டு பிரதியிலும் "60-க்கு 57.4 பெற்றோம்" என்று எழுதி, டிரைவரிடம் அதன் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கி, போனில் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் வந்த பிறகுதான் கணக்கர் பணம் போட வேண்டும்.

கோழிக் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. அந்தக் கடையை நாங்கள் தேர்ந்தெடுத்ததே விலை குறைவு என்பதால்தான். இன்னொருவர் தண்ணீர் வடித்த கறிக்கு 246 சொன்னார், வேண்டாம் என்றோம். 14,400-ஐ 57.4-ஆல் வகுத்துப் பார்த்த அன்றுதான், நாங்கள் 251 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பிரதியில் குறைத்து எழுத ஆரம்பித்த இரண்டாவது வாரம் கடைக்காரரே நேரில் வந்தார். "வடிச்சே அனுப்பறேன் தம்பி, கிலோவுக்கு எட்டு ரூபா கூட்டிக்குங்க" என்றார். 248. எதிர்க்கடையைவிட இரண்டு ரூபாய் அதிகம்தான், ஆனால் மழை நாளிலும் ஐந்தரைக்கு வண்டி வந்து நிற்கும். சரி என்று சொல்லிவிட்டோம்.