பேட்டர்ன் மறந்துடுச்சா? ஃபோனை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க

என் தங்கச்சி ராத்திரி புது பேட்டர்ன் போட்டா, காலைல அது சுத்தமா மறந்துபோச்சு. கைரேகை வச்சா ஃபோன் திறக்குது, ஆனா செட்டிங்ஸ்ல போய் பேட்டர்னை மாத்தலாம்னு பாத்தா அங்கயும் மறந்துபோன அதே பேட்டர்னைத்தான் கேக்குது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகிடும்னு பண்ணிட்டா, அதுதான் பெரிய தப்பு. ஆன் ஆனதும் கைரேகை எடுக்கல.

ஆண்ட்ராய்டுல உள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் பூட்டித்தான் இருக்கும். ஃபோன் ஆன் ஆனப்புறம் ஒரு தடவை பேட்டர்ன் போட்டாதான் அந்தப் பூட்டு திறக்கும், அதுக்கப்புறம்தான் கைரேகை செல்லும். அணைக்காம வச்சிருந்தாலும் 72 மணி நேரம் போல ஆனா பேட்டர்ன் கேக்கும். அதனால கைரேகை வேலை செய்யற வரைக்கும் சார்ஜ் இறங்கவே விடாதீங்க. உடனே கேபிள் போட்டு, கேமரால எடுத்த படம் இருக்கிற DCIM ஃபோல்டரை கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணுங்க, வாட்ஸ்அப்ல பேக்கப் எடுங்க, கான்டாக்ட் எல்லாம் கூகுள் அக்கவுன்ட்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் ரீசெட் பண்ணாலும் மனசு பதறாது.

ஐஃபோன்னா சும்மா யூகிச்சு அடிச்சுட்டே இருக்காதீங்க. Erase Data ஆன்ல இருந்தா 10 தப்புக்கு எல்லாம் அழிஞ்சிடும். iOS 17-லயோ அதுக்கு மேலயோ இருந்தா, பாஸ்கோடை மாத்தி 72 மணி நேரம் ஆகலைன்னா Forgot Passcode? தொட்டு பழைய பாஸ்கோடைப் போட்டு உள்ள போகலாம். ஐஃபோன்ல ஒரு ஃபோட்டோகூட போகாத வழி அது ஒன்னுதான்.

மத்ததெல்லாம் பெரும்பாலும் அழிச்சுட்டு திறக்கிற வழிதான். ரிகவரி மோட்ல ரீசெட் பண்ணாலும் தொலைஞ்ச ஃபோனைத் தேடற கூகுளோட Find Hub-ல தூரத்துல இருந்து அழிச்சாலும் ஃபோன் மெமரில ஒன்னும் மிஞ்சாது. டேட்டா போகாம அன்லாக் பண்றேன்னு சொல்ற சாஃப்ட்வேரை நம்பி காசு கட்டாதீங்க, புது ஃபோன்ல பெரும்பாலும் அதுவும் ரீசெட்தான் பண்ணும். எஸ்டி கார்டு சாதாரணமா போட்டிருந்தா தப்பிக்கும், அதை ஃபோன் மெமரியோட சேர்த்திருந்தீங்கன்னா அதுவும் போச்சு.

ரீசெட்டுக்கு முன்னாடி கூகுள் அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு வேற ஃபோன்ல லாகின் பண்ணிப் பாத்துடுங்க, ஏன்னா ரீசெட் ஆனதும் அதே அக்கவுன்ட்டைத்தான் கேக்கும். பாஸ்வேர்டை அப்பத்தான் மாத்தினீங்கன்னா ஒரு நாள் பொறுத்து ரீசெட் பண்ணுங்க.

இன்னொன்னு நிறைய பேருக்குத் தெரியாது. கூகுள் பேக்கப்பை திரும்ப இறக்கும்போது பழைய ஃபோனோட லாக்கை கேக்கும், மறந்துபோன அதே பேட்டர்னை! தங்கச்சிக்கு அங்கதான் மாட்டுச்சு. கூகுள் ஃபோட்டோஸ்ல ஏறியிருந்த படம் எல்லாம் வந்துச்சு, கான்டாக்ட்டும் வந்துச்சு, ஆனா கால் லாக், எஸ்எம்எஸ், ஆப் செட்டிங்ஸ் எதுவும் வரல, ரெக்கார்டர்ல வச்சிருந்த பாட்டியோட குரலும் போயிடுச்சு.