காப்புறுதி ஒப்பீட்டு அட்டவணையில் வன்னிக் குடும்பங்கள் விடும் தவறுகள்

மருத்துவக் காப்புறுதிகளை ஒப்பிடும் அட்டவணையில் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது காப்புத் தொகையையும் கட்டுப்பணத்தையும்தான். வயல் வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் போதாது. கட்டுப்பணத்தை எப்போது கட்ட வேண்டும் என்பதையும், பத்திரம் எடுத்தபின் இழப்பீடு கிடைக்காத ஆரம்ப மாதங்களான காத்திருப்புக் காலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கிளிநொச்சியில் நெல் செய்யும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். முதலாவது பத்திரத்தின் காப்பு ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய், கட்டுப்பணம் மாதம் 4,500. இரண்டாவதின் காப்பு 4 இலட்சம், கட்டுப்பணம் ஆண்டுக்கு ஒரே தடவை 36,000. இரண்டிலும் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் 12 மாதம். அவர் மார்ச் மாதத்தில் முதலாவதை எடுக்கிறார். செப்டெம்பர் வரை ஒழுங்காகக் கட்டுகிறார். ஒக்டோபரில் காலபோக விதைப்பும் உரமும் கைக்காசை விழுங்கிவிடுகின்றன. 30 நாள் சலுகைக் காலமும் கடந்து, நவம்பரில் பத்திரம் காலாவதியாகிறது. பெப்ரவரியில் அறுவடைப் பணம் வந்ததும் நிலுவையைக் கட்டி மீள இயங்கச் செய்கிறார். ஏப்ரலில் சத்திரசிகிச்சை.

தொடங்கி 13 மாதம் ஆகிவிட்டது என்பது அவர் கணக்கு. ஆனால் பல பத்திரங்களில் காத்திருப்புக் காலம் மீள இயங்கிய திகதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். அப்படியானால் அவருக்கு முடிந்தது இரண்டே மாதம்; இழப்பீடு கிடைக்காது. ஆகவே அட்டவணையில் காத்திருப்புக் காலத்துக்கான கட்டத்தில் “12 மாதம்” என்று மட்டும் எழுதுவது தவறு. “12 மாதம், இடையில் காலாவதியானால் மீண்டும் முதலிலிருந்து” என்று எழுதுங்கள். அறுவடை முடிந்ததும் ஆண்டுக் கட்டுப்பணத்தை ஒரேயடியாகக் கட்டக்கூடிய இரண்டாவது பத்திரமே இவருக்கு உகந்தது என்பேன்.

அடுத்த தவறு, நாம் உண்மையில் எங்கே சிகிச்சை பெறுகிறோம் என்பதை மறப்பது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பற்றுச்சீட்டுக்கு மட்டும் பணம் தரும் பத்திரம், டெங்குவுக்காக அங்கே ஐந்து நாள் படுத்தவருக்கு அநேகமாக எதுவும் தராது. நாளொன்றுக்கு 3,000 ரூபாய் கொடுப்பனவு உள்ள பத்திரமானால் 15,000 கிடைக்கும். கூலி இழந்த வீட்டுக்கு அது பெரிய உதவி. எத்தனையாவது நாளிலிருந்து கொடுப்பார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

எவற்றுக்கு இழப்பீடு இல்லை என்னும் விலக்குகளை முகவர் வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். பாம்புக்கடி விபத்தாகக் கணக்கிடப்படுமா என்று கேட்டு, பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். விபத்துக்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் இல்லாததால் வயலில் நிற்பவருக்கு இது முக்கியம். முன்பே இருக்கும் நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னர் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

கோரிக்கை நிபந்தனையில் கால எல்லையையும் ஆவணங்களையும் எழுதுங்கள். அரச வைத்தியசாலையில் பற்றுச்சீட்டு இல்லாததால், வீடு திரும்பும்போது தரப்படும் நோய் விபர அட்டைதான் சான்று. கிளினிக்குக்கும் அதுவே தேவைப்படும். மூலப்பிரதியை ஒப்படைக்குமுன் பிரதி எடுத்து, அதைக் கிளினிக்கில் ஏற்பார்களா என்று வைத்தியசாலையில் கேட்டுக்கொள்ளுங்கள்.