மூன்று மணி நேர லினக்ஸ் லேப் தேர்வு: நிமிடங்களைப் பங்கு போடுவது எப்படி

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் லினக்ஸ் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மாதம் ஒரு மாதிரித் தேர்வு வைப்பேன். RHCSA தேர்வுக்கு மூன்று மணி நேரம் என்பதால் இதற்கும் அதே நேரம்தான். 18 கேள்விகள், 300 மதிப்பெண். ஒரு கேள்வியில் செய்தவரைக்கும் மார்க் உண்டு. ஆனால் மெஷினை ரீபூட் செய்த பிறகுதான் திருத்துவேன்.

போன மாதம் வண்ணாமடையிலிருந்து வரும் ஒரு பெண், கன்டெய்னர் கேள்வியில் மாட்டிக்கொண்டாள். 20 மார்க் கேள்வி அது. பத்தாவது நிமிடத்திலேயே கன்டெய்னர் ஓடிவிட்டது, 8 மார்க் கையில். ரீபூட்டுக்குப் பிறகு அது தானாக எழும்படி செய்வதுதான் பாக்கி. நான் பக்கத்தில் போனபோது, "அண்ணா, இன்னும் கொஞ்சந்தான், முடிஞ்சுரும்" என்றாள். அதற்கே இன்னும் 30 நிமிடம் போனது, மார்க் ஒன்றுகூடக் கூடவில்லை. மணி அடித்தபோது யூசர் உருவாக்குவது, கிரான், டார் என்று மூன்று 10 மார்க் கேள்விகளை அவள் தொட்டிருக்கவே இல்லை. மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய தாளைத் திருத்தும்போது எனக்கு மனசே ஆறவில்லை. அதன் பிறகுதான் கீழே உள்ள முறையை எல்லோருக்கும் கட்டாயமாக்கினேன்.

படி 1: முதல் 10 நிமிடம், விசைப்பலகையைத் தொட வேண்டாம்

எல்லாக் கேள்விகளையும் படித்து, மற்றவை எதை நம்பி இருக்கின்றன என்று பாருங்கள். நெட்வொர்க் அமைக்காமல் ரெப்போ கிடைக்காது; ரெப்போ இல்லாமல் httpd நிறுவ முடியாது. ஆகவே இவை இரண்டும் முதலில். இவற்றுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு கிடையாது, முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

படி 2: மார்க்கில் பாதி, நிமிடம்

படிக்க 10, கடைசிச் சோதனைக்கு 20 போக மிச்சம் 150 நிமிடம். அதை 300 மார்க்குக்குப் பங்கிட்டால் மார்க்குக்கு அரை நிமிடம். 20 மார்க் கேள்விக்கு 10 நிமிடம், 10 மார்க் கேள்விக்கு 5. தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நேரம் தீர்ந்தால் நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் நின்றீர்கள் என்று ஒரு வரி குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் திரும்பி வரும்போது முதலிலிருந்து யோசிக்க நேரிடும்.

சுலபமான கேள்விகளில் மிஞ்சுகிற நேரம்தான் இரண்டாவது சுற்று. அப்போது எதில் அதிக மார்க் பாக்கி என்று பார்க்காதீர்கள்; எதில் அடுத்து அடிக்க வேண்டிய கட்டளை உங்களுக்குத் தெரியும் என்று பாருங்கள். கன்டெய்னரில் 12 மார்க் பாக்கி இருந்தாலும் வழி தெரியாவிட்டால், வழி தெரிந்த 4 மார்க்தான் முதலில்.

படி 3: பாதியில் விட்டாலும் மெஷின் எழ வேண்டும்

இதில்தான் பலர் கவிழ்கிறார்கள். LVM கேள்வியை எடுத்துக்கொள்வோம். வால்யூம் குரூப், லாஜிக்கல் வால்யூம், ஃபைல்சிஸ்டம் மூன்றையும் முடித்துவிட்டு fstab-ஐத் தொடாமல் விட்டால் நான் 20-க்கு 14 போடுவேன். மிச்ச மார்க்குக்காக அவசரத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும்?

```
/dev/vgdata/lvdta  /data  xfs  defaults  0 0
```

`lvdata` என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ரீபூட் ஆகும்போது சிஸ்டம் அந்த டிவைஸுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அந்த நிலையில் நெட்வொர்க் வழியாக உள்ளே போய் நான் மார்க் போட வழியில்லை. 6 மார்க்கைப் பிடிக்கப் போய் அந்த மெஷினில் செய்த எல்லாமே போய்விடும்.

அதனால் fstab-இல் கை வைத்த உடனே இதை அடியுங்கள்:

```
mount -a
findmnt /data
```

முதல் கட்டளை பிழை சொல்லாமலும், இரண்டாவது `/data` வரியைக் காட்டியும் இருந்தால் சரி. பிழை வந்து, காரணம் ஒரு நிமிடத்தில் புரியவில்லை என்றால் அந்த வரிக்கு முன்னால் `#` போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 14 மார்க் பத்திரமாக இருக்கும்.

படி 4: 160-வது நிமிடத்தில் ரீபூட்

எந்தக் கேள்வியில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் `ip a`, `findmnt`, `systemctl is-enabled httpd`, `firewall-cmd --list-all` என்று வரிசையாகப் பாருங்கள். `enable` மறந்த சர்வீஸ், `--permanent` போடாமல் விட்ட ஃபயர்வால் விதி எல்லாம் இப்போதுதான் தெரியவரும். ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சரிசெய்துவிடலாம்.

எமர்ஜென்சி மோடில் நின்றால் பதற வேண்டாம். ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய், `/etc/fstab`-இல் அந்த வரிக்கு `#` போட்டுவிட்டு மறுபடி ரீபூட் செய்யுங்கள். காத்திருப்பதையும் சேர்த்து ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். அதற்காகத்தான் 20 நிமிடம் ஒதுக்கினோம். 175-வது நிமிடத்தில் ரீபூட் செய்தால் இதற்கு நேரம் இருக்காது.