வேன் நேரம் மாறினால் பின் செய்த மெசேஜையே திருத்துங்கள்

போன மாதம் கடலூரிலிருந்து பாண்டிச்சேரி கல்யாணத்துக்கு வேன் பிடித்தோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேரப் பட்டியலைப் போட்டுப் பின் செய்தேன்: திருப்பாதிரிப்புலியூர் 6.00, மஞ்சக்குப்பம் 6.15, ரெட்டிச்சாவடி 6.35. அப்புறம் "அரை மணி முன்னாடி" என்று ஒன்று, "ரெட்டிச்சாவடிக்கு 6.10" என்று இன்னொன்று. நடுவில் நாற்பது வாழ்த்து ஸ்டிக்கர். மஞ்சக்குப்பத்தில் ஏற வேண்டிய அத்தை, பின் செய்த பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு 6.15-க்கு வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். மெசேஜை அழுத்திப் பிடித்து, மெனுவில் Edit. திருத்திய மெசேஜ் பின் ஆகியே இருக்கும். ஆனால் திருத்தினால் யாருக்கும் புதிதாக மணி அடிக்காது. அதனால் கீழே ஒரே வரி போடுங்கள்: "நேரம் மாறியிருக்கிறது, பின் செய்ததைப் பாருங்கள்". புது நேரத்தை அந்த வரியில் எழுத வேண்டாம். எழுதினால் மறுபடி இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு.

15 நிமிடம் தாண்டிவிட்டதா? பழைய பட்டியலை நகலெடுத்து, நேரங்களை மாற்றி, முழுதாக அனுப்பிப் பின் செய்யுங்கள். முதல் வரியில் "வெள்ளி இரவு 8 மணிக்குத் திருத்திய பட்டியல்" என்று எழுதலாம். பழையதை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடுங்கள். குழுவில் மூன்று மெசேஜ் வரை பின் செய்ய முடியும் என்பதால், பழையது தானாகப் போய்விடாது.

பின் செய்யும்போது 24 மணி நேரமா, 7 நாளா, 30 நாளா என்று கேட்கும். பயண நாளைத் தாண்டும்படி தேர்ந்தெடுங்கள்.