மைட்டோகொண்ட்ரியா ஆன்டிபொடி பொசிட்டிவ், அல்கலைன் பொஸ்பட்டேஸ் அதிகம், உடல் அரிப்பு: புதிய வைத்தியர்கள் விடும் பிழைகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் 52 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. "ராவில உள்ளங்கால் கடிக்குது டொக்டர், தோலில ஒண்டுமில்ல" என்கிறார். அல்கலைன் பொஸ்பட்டேஸ் 310, இயல்பின் உச்ச அளவு 120. காமா ஜிடியும் கூடியிருப்பதால் அது எலும்பிலிருந்து வந்ததல்ல. ஸ்கானில் பித்தக் குழாய் விரியவில்லை, அடைப்பில்லை. மைட்டோகொண்ட்ரியா ஆன்டிபொடி 1:160. ஈரலுக்குள் இருக்கும் சிறு பித்தக் குழாய்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் பிரைமரி பிலியரி கொலஞ்சைட்டிஸ் என்ற நோய் இது. இப்படி எல்லாம் பொருந்தி வந்தால் பயொப்சி பெரும்பாலும் தேவைப்படாது.

எடை பார்க்காமல் உர்சோ எழுதுவது

இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். நோயைச் சரியாகப் பிடித்துவிட்டு, உர்சோடியொக்சிகோலிக் அமிலம் 300 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். இந்த நோய்க்கான அளவு கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோவுக்கு 780 முதல் 900. அதாவது நாளுக்கு மூன்று குளிசை. ஒன்று மட்டும் போட்டால் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் சேர்கிறது.

அந்தக் குறைந்த அளவில் ஒரு வருடம் ஓடும். அல்கலைன் பொஸ்பட்டேஸ் 260-இல் நிற்கும். "மருந்து பிடிக்கவில்லை" என்று எழுதி, விலை கூடிய அடுத்த மருந்தைத் தேடுவார்கள். உண்மையில் முதல் மருந்தே சரியாகக் கொடுக்கப்படவில்லை. அந்த வருடத்தில் சிறு குழாய்கள் மேலும் அழிந்திருக்கும், அவை திரும்ப வளராது. ஆகவே கொப்பியில் எடையை எழுதி, பக்கத்திலேயே 13-ஆல் பெருக்கிப் பாருங்கள். முழு அளவில் 12 மாதம் போன பிறகுதான் பலனைத் தீர்மானிக்கலாம். இவருக்கு அல்கலைன் பொஸ்பட்டேஸ் குறைந்தபட்சம் 180-க்குக் கீழே வரவேண்டும். இயல்பு அளவுக்கே இறங்கினால் இன்னும் நல்லது. பிலிருபினும் இயல்பாக இருக்கவேண்டும்.

அரிப்புக்கான பொடியையும் உர்சோவையும் சேர்த்துக் கொடுப்பது

உர்சோ அரிப்பைத் தணிக்கும் மருந்தல்ல. "மூன்று மாதமாப் போட்டும் கடி நிக்கல்ல" என்று குளிசையை நிறுத்திவிடுவார்கள், அதனால் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அரிப்புக்குக் கொலெஸ்டிரமின், 4 கிராம் பைக்கற். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. உர்சோவும் பித்த அமிலமே, ஆகவே சேர்த்துக் குடித்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். எழுதிக் கொடுத்த 900-இல் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். காலைச் சாப்பாட்டோடு பைக்கற், பகல் சாப்பாட்டோடு ஒரு குளிசை, இரவில் இரண்டு என்று வைத்தால் மறக்காது. தைரொக்சின் குடிப்பவர் என்றால் அதையும் இதே போல் தள்ளி வைக்கவேண்டும்.

செட்டிரிசினை நம்புவது

தூக்கம் வரலாம். இந்த அரிப்பு பெரும்பாலும் நிற்காது.

ஆன்டிபொடி அளவை ஒவ்வொரு முறையும் பார்ப்பது

வீண் செலவு. அது ஏறினாலும் இறங்கினாலும் நோயின் போக்கைச் சொல்லாது.

ஆன்டிபொடி மட்டும் பொசிட்டிவ் என்றதும் மருந்து தொடங்குவது

அல்கலைன் பொஸ்பட்டேஸ் இயல்பாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை போதும்.