அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று: சிற்றேட்டில் முரண்களைக் கண்டுபிடிக்கும் முறை

பல பக்கங்கள் கொண்ட விளம்பரச் சிற்றேட்டை ஒரே ஆள் முழுவதுமாக எழுதுவது அரிது. அட்டை வாசகத்தை விளம்பரப் பிரிவினர் எழுதுவார்கள். கட்டணப் பட்டியல் கணக்குப் பிரிவிலிருந்து வரும். நேர அட்டவணையை அன்றாட வேலைகளைக் கவனிக்கும் மேலாளர் தருவார். விதிமுறைப் பக்கமோ பெரும்பாலும் சென்ற பதிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாகவே இருக்கும். முரண் இருப்பது பக்கங்களுக்கு இடையில். எழுத்துப்பிழை பார்ப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு போனால் அது கண்ணில் படாது. ஏழாம் பக்கத்துக்கு வருவதற்குள் அட்டையில் இருந்த சரியான சொற்கள் நினைவிலிருந்து நழுவியிருக்கும், அவற்றின் பொதுவான தொனி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இந்த வேலையை விளக்குவதற்காக ஒரு கற்பனைச் சிற்றேட்டை எடுத்துக்கொள்வோம். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள ஒரு நிலையத்துக்கான எட்டுப் பக்கச் சிற்றேடு அது. அட்டையில், “வருடம் முழுவதும், தினமும் காலை 6 முதல் இரவு 10 வரை! மாதம் 900 முதல். மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

படி 1: எதைச் சரிபார்க்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

வடிவமைப்பாளருக்கு அனுப்பிய மூலக் கோப்பைச் சரிபார்ப்பதில் பயனில்லை. அச்சுக்குப் போகவிருக்கும் பிடிஎஃப் மெய்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்; ஏனெனில் படத்தின் மேல் எழுதிய வாசகங்களும் மூலையில் வரும் வட்ட முத்திரைகளும் பல வேளைகளில் வடிவமைப்பின்போது சேர்க்கப்பட்டவை, மூலக் கோப்பில் இருக்கவே மாட்டா. அவை படமாகவோ வளைகோடுகளாகவோ மாற்றப்பட்டிருந்தால் Ctrl+F தேடலிலும் அகப்படமாட்டா. எனவே தேடல் வசதியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெய்ப்பைத் தாளில் அச்சிட்டு, பக்கங்களைப் பிரித்து மேசையில் பரப்பி வைப்பது நல்லது. அட்டையும் ஏழாம் பக்கமும் அருகருகே இருக்க முடியும் என்பதுதான் இதில் கிடைக்கும் வசதி.

படி 2: வாக்குறுதிகளை எழுத்து மாறாமல் படியெடுங்கள்

அட்டை, பின்னட்டை, தலைப்புகள், துணைத் தலைப்புகள், பட விளக்கங்கள், முத்திரைகள் ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு உறுதிமொழியையும், பக்க எண்ணோடு, அங்கே உள்ள சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். சுருக்கி எழுதக் கூடாது. “தினமும் 6–10” என்று சுருக்கினால் “வருடம் முழுவதும்” என்ற சொற்கள் விடுபட்டுப்போகும். பிரச்சினை அந்தச் சொற்களில்தான் இருக்கக்கூடும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். இந்த வரியை எழுதுவதில்தான் தொடக்கநிலையினர் சோம்பல்படுகிறார்கள். “வருடம் முழுவதும்” என்றால் விடுமுறை என்ற பேச்சே எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது. “தினமும் காலை 6 முதல் இரவு 10 வரை” என்றால் அந்தப் பதினாறு மணி நேரமும், ஏழு நாளும், அட்டைப் படத்தில் காட்டப்பட்டுள்ள குளம் உட்பட எல்லாம் திறந்திருக்க வேண்டும். “மாதம் 900 முதல்” என்றால் ஒரு மாதத்துக்கு 900 மட்டும் கட்டிச் சேரக்கூடிய திட்டம் ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும். “மறைமுகக் கட்டணம் இல்லை” என்றால் பட்டியல் தொகைக்கு மேல் ஒன்றும் வாங்கக் கூடாது.

“எல்லா”, “எப்போதும்”, “முழுவதும்”, “இலவசம்”, “மட்டுமே”, “முதல்”, “வரை” ஆகிய சொற்கள் வரும் இடங்களை முதலில் அடிக்கோடிடுங்கள். முதல் ஐந்தும் விதிவிலக்கை ஏற்காத சொற்கள். உள்ளே ஒரு விதிவிலக்கு இருந்தாலே அவை உடைந்துவிடும். கடைசி இரண்டும் ஒரு எல்லையைச் சொல்பவை; அந்த எல்லையில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 3: நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கங்களையும் கடந்து செல்லுங்கள்

ஒரு சுற்றுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் நேரம், நாள், விடுமுறை தவிர வேறு எதையும் வாசிக்க வேண்டாம். எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். காலை 9 மணி, 9.00, 09:00, ஒன்பது மணி என்று ஒரே நேரம் பல வடிவங்களில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், இந்தச் சுற்றைக் கண்ணால்தான் செய்ய வேண்டும்.

நம் சிற்றேட்டில் கிடைப்பவை இவை. மூன்றாம் பக்கத்தில், குளம் திங்கள்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பிற்பகல் 2 மணிக்கே திறக்கும் என்று ஒரு வரி. ஆறாம் பக்க வகுப்பு அட்டவணையில் முதல் வகுப்பு காலை 5.30. ஏழாம் பக்கத்தில் கடைசி அனுமதி இரவு 9 மணி, குளத்தை விட்டு 9.30க்குள் வெளியேற வேண்டும், பொது விடுமுறை நாட்களில் நிலையம் மூடப்பட்டிருக்கும். பின்னட்டையில் முகவரிக்குக் கீழே “6.00 – 21.00”.

இவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. விடுமுறை வரி அட்டையோடு நேருக்கு நேர் மோதுகிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. திங்கள்கிழமைக் குளம் சற்று வேறு வகை: நிலையம் காலை 6 மணிக்குத் திறந்திருக்கலாம், ஆனால் குளத்தின் படத்தைப் பார்த்து வருபவர் கதவு மூடியிருப்பதைக் காண்பார். இது மறைந்திருக்கும் நிபந்தனை. பின்னட்டையின் 21.00 என்பது மூடும் நேரமா, கடைசி அனுமதி நேரமா, அல்லது வரவேற்பு மேசையின் நேரமா என்று தெரியவில்லை. ஏழாம் பக்கத்தின் 9 மணியோடு அது பொருந்துவதால் கடைசி அனுமதியாக இருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றும். ஊகத்தைக் குறித்துக்கொள்ளலாம், விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

5.30 வகுப்பு பலர் தவறவிடுவது. அட்டை சொல்வதைவிட உள்ளே அதிகமாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் அது முரணாகவே தோன்றாது. ஆனால் 6 மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றால் 5.30 வகுப்புக்கு வருபவர் வெளியே நிற்க வேண்டும். வாக்குறுதிக்குக் குறைவானதைத் தேடுவதுபோலவே அதை மீறிச் செல்வதையும் தேட வேண்டும்.

படி 4: விலைக்கு வந்தால் கால்குலேட்டரை எடுங்கள்

எட்டுப் பக்கச் சிற்றேட்டில் நான்காம், ஐந்தாம் பக்கங்கள் நடுவில் ஒன்றாக விரியும். கட்டணப் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நம் பட்டியலில் மாதச் சந்தா 1,050, மூன்று மாதச் சந்தா 3,000, ஆண்டுச் சந்தா 10,800. அதன் மேல் “ஆண்டுச் சந்தாவில் 20% சேமிப்பு” என்று ஒரு முத்திரை. பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில், புதிய உறுப்பினர்களுக்கு ஒருமுறை சேர்க்கைக் கட்டணம் 600.

“மாதம் 900 முதல்” என்பதை முதலில் பார்ப்போம். பட்டியலில் 900 என்ற எண்ணே இல்லை. 10,800ஐ 12ஆல் வகுத்தால் 900 வருகிறது. அதாவது அந்த விலை ஓர் ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டுபவருக்கு மட்டுமே. இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சிற்றேட்டை வாசிப்பவர் பெரும்பாலும் புதிதாகச் சேரப்போகிறவர். அவர் கட்டுவது 10,800உம் 600உம் சேர்ந்து 11,400, மாதத்துக்கு 950. ஆக, முதல் ஆண்டில் எந்தப் புதிய உறுப்பினருக்கும் 900 கிடைக்காது. மூன்று மாதம் மட்டும் சேர்பவருக்கோ 3,600, மாதத்துக்கு 1,200 ஆகிறது. “மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை” என்ற அட்டை வாசகமும் இதே அடிக்குறிப்பால் அடிபடுகிறது. கட்டணம் அச்சிடப்பட்டுத்தானே இருக்கிறது, எப்படி மறைமுகம் ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையைப் பார்த்து முடிவெடுக்கும் வாசகர் அப்படிப் பிரித்துப் பார்க்கமாட்டார் என்பது என் கருத்து.

சதவீதங்களையும் போட்டுப் பாருங்கள். மாதச் சந்தாவாக ஓராண்டு கட்டினால் 1,050 × 12 = 12,600. ஆண்டுச் சந்தா 10,800 என்பதால் மிச்சம் 1,800. அது 12,600இல் சுமார் 14%, 20% அன்று. பொருந்தாத எண் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10,800 என்பது 20% குறைத்த தொகை என்றால் குறைக்காத தொகை 13,500; மாதத்துக்கு 1,125. ஒருவேளை மாதச் சந்தா முன்பு 1,125 ஆக இருந்து பிறகு குறைக்கப்பட்டு, முத்திரை மட்டும் மாறாமல் நின்றிருக்கலாம். இந்தக் கணக்கைக் காட்டினால் தகவல் தருபவருக்குப் பழைய கோப்பில் தேட ஓர் இடம் கிடைக்கும்.

படி 5: நீங்களே திருத்தாதீர்கள், கேள்வியாக அனுப்புங்கள்

இரண்டு இடங்கள் முரண்படும்போது எது சரி என்று சிற்றேடு உங்களுக்குச் சொல்லாது. மூன்று பக்கங்களில் ஒன்றும் நான்காவதில் வேறொன்றும் இருந்தால் மூன்றுதான் சரி என்றும் கொள்ள முடியாது. புதிய தகவல் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு முரணையும், இரு பக்கங்களின் சொற்களையும் அப்படியே தந்து, விடை சொல்லக்கூடியவரிடம் கேளுங்கள்:

“அட்டை: ‘வருடம் முழுவதும், தினமும்’. பக்கம் 7: ‘பொது விடுமுறை நாட்களில் நிலையம் மூடப்பட்டிருக்கும்’. விடுமுறை நாட்களில் நிலையம் திறந்திருக்குமா? மூடியிருக்கும் என்றால் அட்டை வாசகத்தை மாற்ற வேண்டும்.”

நேரம் பற்றிய கேள்வி மேலாளருக்கும் விலை பற்றியது கணக்குப் பிரிவுக்கும் போக வேண்டும். எல்லாவற்றையும் வடிவமைப்பாளருக்கு அனுப்பினால் அவர் இரண்டில் ஒன்றை மற்றதுபோல் மாற்றித் தருவார். முரண் தீர்ந்துவிடும், தவறு தங்கிவிடும்.

அட்டையில் நட்சத்திரக் குறி போட்டு நிபந்தனையை ஏழாம் பக்கத்தில் வைத்துவிடலாம் என்ற யோசனை அநேகமாக யாராவது ஒருவரிடமிருந்து வரும். நிபந்தனை வாக்குறுதியைத் தெளிவுபடுத்தினால் அது சரி. வாக்குறுதியையே மறுத்தால் நட்சத்திரம் உதவாது. “ஆண்டுச் சந்தாவில் மாதம் 900, சேர்க்கைக் கட்டணம் தனி” என்று அட்டையிலேயே எழுத இடம் இருக்கும்போது குறி எதற்கு?

படி 6: திருத்திய மெய்ப்பில் மீண்டும் ஒரு சுற்று

விடைகள் வந்து திருத்தங்கள் செய்யப்பட்ட பின், திருத்திய வரிகளை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் தராதீர்கள். மாறிய ஒவ்வொரு எண்ணுக்கும், அதன் பழைய வடிவத்தை எல்லாப் பக்கங்களிலும் தேடுங்கள். மூடும் நேரம் இரவு 9.30 என்று முடிவானால் அட்டையின் 10 மாற வேண்டும், பின்னட்டையின் 21.00க்கு “கடைசி அனுமதி” என்ற விளக்கம் சேர வேண்டும், இரவு 9.30க்கு மேல் நீளும் வகுப்பு எதுவும் ஆறாம் பக்க அட்டவணையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படமாக உள்ள முத்திரைகளை வடிவமைப்பாளர் தனியாகத் திறந்து மாற்ற வேண்டியிருப்பதால், திருத்தம் விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். படி 2இல் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே அதை உறுதிசெய்யும் பக்க எண்ணை எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த வரிக்கு எதிரே பக்க எண் எழுத முடியவில்லையோ, அந்த வாக்குறுதிக்கு உள்ளே ஆதாரமே இல்லை; அதற்கும் ஒரு கேள்வி அனுப்பி, விடை வரும்வரை மெய்ப்பில் கையெழுத்திடாமல் வைத்திருங்கள்.