மெமரி கார்டில்தானே இருக்கிறது என்று நம்பி ஆப்பை நீக்காதீர்கள்

காசிமேட்டில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர், தன் மாமியார் பாடும் தாலாட்டுகளைப் போனில் பதிவு செய்துவந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். ரெக்கார்டர் ஆப்பின் அமைப்புகளில் சேமிக்கும் இடத்தை மெமரி கார்டுக்கு மாற்றியிருந்தார். ஒருநாள் போனில் இடம் நிறைந்துவிடவே, அந்த ஆப்பை நீக்கிவிட்டார். அடுத்த நாள் பார்த்தால், கார்டில் ஒரு பதிவுகூட இல்லை.

"ஆப் போனில்தானே இருந்தது தம்பி, கார்டில் இருந்தது எப்படிப் போகும்?" என்று கேட்டார். கார்டு பழுதாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆனால் கார்டு நன்றாகத்தான் இருந்தது. பதிவுகள் இருந்த இடம் இது:

```
/storage/1A2B-3C4D/Android/data/com.example.recorder/files
```

நடுவில் இருக்கும் எட்டு எழுத்து எண் கார்டின் அடையாளம். ஒவ்வொரு கார்டுக்கும் அது மாறும். அதற்குப் பின்னால் வரும் Android/data என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், எந்த அனுமதியும் கேட்காமல் ஓர் ஆப் கார்டில் தன் பெயரில் உள்ள இந்த ஃபோல்டரில் எழுதலாம். அதனால் பல ஆப்கள் இதையே பயன்படுத்துகின்றன. கார்டில் இருந்தாலும் ஆண்ட்ராய்டின் கணக்கில் இது ஆப்பின் சொத்து. ஆப்பை நீக்கினால் இதுவும் சேர்ந்து அழியும். ஆப்பை வைத்துக்கொண்டு அமைப்புகளில் அதன் தரவை மட்டும் அழித்தாலும் இதே கதிதான். ‘கேச்’ அழிப்பது வேறு. அதில் இந்தப் பதிவுகள் போகாது. இரண்டு பொத்தான்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அழுத்துமுன் எழுத்தைப் படியுங்கள்.

அடுத்த தவறு, ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், வெளியிலிருந்து நிறுவிய ஃபைல் மேனேஜருக்கு ‘எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி’ கொடுத்தாலும் மற்ற ஆப்களின் Android/data திறக்காது. கார்டை முறைப்படி வெளியேற்றி, கார்டு ரீடரில் செருகிக் கணினியில் திறந்தால், தடையில்லாமல் எல்லாம் தெரியும். கட்டுப்பாடு போனின் ஆண்ட்ராய்டில் இருக்கிறது, கார்டில் இல்லை.

முதன்முதலில் கார்டைப் போட்டபோது ‘உள் சேமிப்பகமாக’ ஃபார்மேட் செய்திருந்தால் மட்டும் இந்த வழி பலிக்காது. அந்தக் கார்டைப் பூட்டிய சாவி போனுக்குள்ளேயே இருப்பதால், கணினியிலும் வேறு போனிலும் படிக்க முடியாது. போன் உடைந்தால் கார்டில் உள்ளதும் போய்விடும். குடும்பப் படங்களும் குரல்களும் வைக்கும் கார்டை அப்படி ஃபார்மேட் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரியான வழிக்கு இரண்டு நிமிடம் போதும். போனோடு வந்த ஃபைல் மேனேஜரில், கார்டில் ‘தாலாட்டு’ என்று ஒரு ஃபோல்டரை நீங்களே உருவாக்குங்கள். பிறகு ஆப்பின் அமைப்புகளில் சேமிக்கும் இடமாக அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, அனுமதி கொடுங்கள். பலர் இங்கே கார்டின் முகப்பையே தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் கார்டின் முகப்பையோ Download ஃபோல்டரையோ ஆப்புக்கு அப்படிக் கொடுக்க முடியாது; பொத்தான் மங்கியே இருக்கும். போனில் கோளாறு என்று எண்ணிவிடாமல், ஒரு படி உள்ளே போய் உங்கள் ஃபோல்டரைத் தொடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஆப்பில் இல்லையென்றால், ‘பகிர்’ அல்லது ‘ஏற்றுமதி’ வழியாகப் பதிவுகளை வெளியே எடுத்து வையுங்கள். எடுத்தவற்றில் ஒன்றிரண்டை வேறு ஆப்பில் ஒலிக்கவிட்டுப் பார்த்த பிறகே பழைய ஆப்பை நீக்குங்கள்.

அக்காவின் கார்டை உடனே கழற்றச் சொன்னேன். அழிந்த கோப்பின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, அது பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். கணினியில் PhotoRec என்ற இலவச மென்பொருளால் தேடினேன். மீட்டதைக் கார்டிலேயே சேமித்தால் மிச்சமிருப்பதும் அழிந்துவிடும் என்பதால், கணினியின் டிஸ்க்கில் சேமித்தேன். இருபத்தாறு பதிவுகள் கிடைத்தன. மறுநாள் அவர் எடுத்த சில வீடியோக்கள் கார்டில் பதிவாகியிருந்ததால், மற்றவை கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுக்கும் பழைய பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான். மாமியாரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, அக்கா இப்போது பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.